விளையாடினால் காசு, தட்டினால் டோக்கன்: சேர்வதற்கு முன் அக்கா சொல்லும் கணக்கு

"அக்கா, இந்த கேம் விளையாடினா டோக்கன் தர்றாங்களாம், அதை வித்தா காசாம். சேரட்டுமா?" கல்லூரியில் படிக்கும் தம்பியும் கேட்கிறான், கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் தங்கையும் கேட்கிறாள். கேட்பதில் தப்பே இல்லை. மாதக் கடைசியில் கூடுதலாக ஐந்நூறு ரூபாய் வந்தால் யாருக்கு வேண்டாம்? ஆனால் பதிலுக்கு நான் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: "உனக்கு வரப்போகிற அந்தக் காசு இப்போது யார் பையில் இருக்கிறது?"

கடையில் வேலை பார்த்தால் வாடிக்கையாளர் தரும் பணத்திலிருந்து சம்பளம் வருகிறது. யூடியூபில் வீடியோ போட்டால் விளம்பரம் கொடுப்பவர் பணம் தருகிறார். விளையாட்டில் கிடைக்கும் டோக்கனைக் காசு கொடுத்து வாங்குபவர் யார்? அவர் எதற்காக வாங்குகிறார்? இதற்குத் தெளிவான பதில் இல்லை என்றால், வாங்குபவர் பெரும்பாலும் உங்களுக்குப் பின்னால் சேருகிறவர்தான். அவருக்குப் பின்னால் ஆள் வராத நாளில் கதை முடிந்துவிடும். இது எப்படி நடக்கிறது என்பதை, ஊரறிய நடந்த ஒரு விஷயத்தை வைத்தே சொல்கிறேன்.

1. பிலிப்பைன்ஸில் நடந்ததை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஆக்ஸி இன்ஃபினிட்டி என்று ஒரு விளையாட்டு. வியட்நாமைச் சேர்ந்த ஸ்கை மேவிஸ் என்ற நிறுவனம் 2018-ல் கொண்டுவந்தது. ஆக்ஸி எனப்படும் குட்டிப் பிராணிகளை வைத்துச் சண்டை போட வேண்டும். அப்போது களத்தில் இறங்க மூன்று ஆக்ஸி தேவைப்பட்டது. அவற்றைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. ஜெயித்தால் எஸ்.எல்.பி. என்ற டோக்கன் கிடைக்கும். அதை எக்ஸ்சேஞ்சில் விற்றுப் பணமாக்கலாம்.

கொரோனா ஊரடங்கில் பிலிப்பைன்ஸில் வேலை போனவர்கள் கூட்டம் கூட்டமாக இதற்குள் வந்தார்கள். கபனாத்துவான் என்ற ஊரில் பெட்டிக்கடை நடத்தும் வயதான தம்பதிகூட இதை விளையாடிச் சம்பாதிப்பதை 2021-ல் ஓர் ஆவணப்படம் காட்டியது. அது பொய்யில்லை. அந்த மாதங்களில் நிஜமாகவே காசு வந்தது. இந்த மாதிரித் திட்டங்களில் ஏமாறுவதற்குக் காரணமே இதுதான்: ஆரம்பத்தில் சேர்ந்தவர் கையில் உண்மையிலேயே பணம் இருக்கும், அவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். எஸ்.எல்.பி.க்கு உருப்படியான உபயோகம் ஒன்றுதான் இருந்தது. இரண்டு ஆக்ஸிகளைச் சேர்த்துப் புதுக் குட்டி போட வைக்க அது தேவை. அந்தக் குட்டியை யாருக்கு விற்பது? புதிதாக விளையாட வருபவருக்கு. அவர் மூன்று ஆக்ஸி வாங்கியாக வேண்டுமே! ஆக, புதிதாக வருபவர் நுழைவுக்குக் கொடுத்த பணம் குட்டி வளர்த்து விற்பவரிடம் போனது. அவர் எஸ்.எல்.பி. வாங்கினார். அந்தப் பணம் தினமும் விளையாடுகிறவர் கைக்கு வந்தது. வெளியிலிருந்து பணம் வரும் வாசல் ஏறக்குறைய இது ஒன்றுதான்.

இன்னொரு பக்கம், எஸ்.எல்.பி. எவ்வளவு வேண்டுமானாலும் உருவாகும் நிலை இருந்தது, உச்சவரம்பே இல்லை. இருபது லட்சம் பேர் தினமும் விளையாடினால் இருபது லட்சம் பேருக்கும் புது டோக்கன் பிறக்கும். குட்டி போட வைக்கும்போது மட்டுமே அது அழிந்தது. 2021 கடைசியில் புதியவர்கள் வரவு மந்தமானது. ஆக்ஸி விலை சரிந்தது. குட்டி வளர்த்தால் லாபமில்லை என்று ஆனதும் எஸ்.எல்.பி. வாங்க ஆளில்லை. டோக்கன் மட்டும் வழக்கம்போலப் பிறந்துகொண்டே இருந்தது. விலை என்னவாகும் என்று நான் சொல்லவே வேண்டாம்.

2. ரூபாயில் கணக்குப் போடுங்கள், டோக்கனில் வேண்டாம்

சொந்தமாக ஆக்ஸி வாங்கக் காசில்லாதவர்களுக்கு அங்கே 'ஸ்காலர்ஷிப்' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. மேனேஜர் என்பவர் தன் ஆக்ஸிகளைக் கடனாகக் கொடுப்பார். விளையாடுபவர் சம்பாதிப்பதில் ஒரு பங்கு அவருக்கு. யீல்டு கில்டு கேம்ஸ் என்ற பெரிய குழுவில் விளையாடுபவருக்கு 70 சதவீதம், மேனேஜருக்கு 20, குழுவுக்கு 10 என்று பிரித்தார்கள். கணக்கின் சாவி எப்போதும் மேனேஜர் கையில்தான் இருக்கும். சம்பாதித்த எஸ்.எல்.பி.யை 14 நாளுக்கு ஒருமுறைதான் எடுக்க முடிந்தது.

இதை ஒரு தங்கையின் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். தினமும் இரண்டு மூன்று மணி நேரம் விளையாடி 100 எஸ்.எல்.பி. எடுக்கிறாள் என்று வையுங்கள். 14 நாளில் 1,400. அவள் பங்கு 980.

2021 ஜூலை நடுவில் ஒரு எஸ்.எல்.பி. சுமார் 30 சென்ட் போனது. 980 டோக்கனுக்கு 294 டாலர், அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 22,000 ரூபாய். இரண்டு வாரத்துக்கு நல்ல காசுதான். 2022 பிப்ரவரி தொடக்கத்தில் விலை சுமார் ஒரு சென்ட். அதே 980 டோக்கனுக்குக் கிடைப்பது 9 டாலர் 80 சென்ட், அதாவது 730 ரூபாய். 2022 நடுவில் அரை சென்ட்டுக்கும் கீழே போய்விட்டது. 0.4 சென்ட் என்று வைத்தால் 14 நாள் உழைப்புக்கு ஏறத்தாழ 300 ரூபாய். ஒரு நாளைக்கு 22 ரூபாய்கூட இல்லை. டேட்டா பேக் செலவையும் போனுக்கு ஏற்றும் கரண்டையும் கழித்தால் மிச்சம் என்ன?

கவனித்தீர்களா, இந்த மூன்று கணக்கிலும் அவள் உழைப்பு குறையவில்லை, திரையில் தெரியும் எண்ணும் அதே 980தான். அதனால்தான் சொல்கிறேன், "நேற்று 100 டோக்கன் எடுத்தேன்" என்று யாராவது சொன்னால், "நேற்று பேங்க் அக்கவுண்டில் எத்தனை ரூபாய் ஏறியது, எத்தனை மணி நேரத்துக்கு?" என்று கேளுங்கள்.

காசு போட்டுச் சேர்ந்தவர் நிலைமை இன்னும் மோசம். உச்சத்தில் இருந்தபோது நல்ல மூன்று ஆக்ஸி வாங்க ஆயிரம் டாலர் வரை ஆனது, அதாவது 74,000 ரூபாய். "இரண்டு மாதத்தில் போட்டது திரும்பிவிடும்" என்று அன்றைய எஸ்.எல்.பி. விலையை வைத்துக் கணக்குச் சொன்னார்கள். விலை இறங்க இறங்க அந்த இரண்டு மாதம் நீண்டு இரண்டு வருடம் ஆனது, பிறகு போட்டது திரும்பவே வழியில்லை என்று ஆனது. 'எத்தனை நாளில் முதல் திரும்பும்' என்று யார் சொன்னாலும், டோக்கன் விலையைப் பத்தில் ஒரு பங்காக்கி அதே கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். அப்போதும் கட்டுப்படியாகிறதா என்பதுதான் கேள்வி.

நிச்சயமாக லாபம் பார்த்தவர்கள் உண்டு. முதலிலேயே ஆக்ஸி வாங்கி விலை ஏறியதும் விற்றவர்கள் ஒரு வகை. ஒவ்வொரு விற்பனையிலும் 4.25 சதவீதம் கட்டணம் வசூலித்த விளையாட்டுத் தரப்பு இன்னொரு வகை. கடைசியில் வந்தவர்களின் பணம்தான் இவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

இதற்கு மேல் ஒன்றும் நடந்தது. 2022 மார்ச்சில் அந்த விளையாட்டின் பணம் வைக்கப்பட்டிருந்த 'ரோனின் பாலம்' என்ற இணையப் பெட்டகத்திலிருந்து சுமார் 62 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடு போனது. பெட்டகத்துக்கு ஒன்பது சாவிகள், ஐந்து போதும் திறக்க. அந்த ஐந்தும் திருடர்கள் கையில் போய்விட்டன. வடகொரியாவின் லாசரஸ் குழுதான் திருடியது என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. சொன்னது. திருட்டு நடந்து ஆறு நாள் கழித்து, ஒருவர் தன் பணத்தை எடுக்கப் போய் எடுக்க முடியாதபோதுதான் நிறுவனத்துக்கே விஷயம் தெரிந்தது. பிறகு முதலீட்டாளர்களிடம் நிதி திரட்டி, பணத்தைத் திருப்பித் தர ஏற்பாடு செய்தார்கள். பெரிய நிறுவனமாக இருந்ததால் அது முடிந்தது. பெயர் தெரியாத ஆப்பாக இருந்தால்? நேர்மையாக நடத்தப்படும் விளையாட்டிலும், எடுத்துப் பேங்கில் போடாத வரை அது உங்கள் காசு இல்லை.

3. 'இலவச டோக்கன்' என்றால் வகுத்துப் பாருங்கள்

"நான் காசே போடவில்லை அக்கா, சும்மா தட்டுகிறேன், அவ்வளவுதான்" என்பவர்களுக்கு 2024-ல் வந்த ஹாம்ஸ்டர் காம்பாட் கணக்கைச் சொல்கிறேன். டெலிகிராமுக்குள் ஓடும் விளையாட்டு. திரையில் இருக்கும் வெள்ளெலியைத் தட்டத் தட்ட காயின் ஏறும். பிறகு கார்டு வாங்கி 'மணிக்கு இவ்வளவு லாபம்' என்ற எண்ணை ஏற்ற வேண்டும். தினமும் ஒரு காம்போ, தினமும் ஒரு மோர்ஸ் குறியீடு, நண்பர்களைச் சேர்த்தால் தனி போனஸ். நம் ஊரிலும் பஸ்ஸில், ஹாஸ்டலில், கடை கல்லாவில் எல்லாம் தட்டிக்கொண்டிருந்தார்கள். கோடிக்கணக்கில் காயின் சேர்த்தவர்கள் லட்சம் ரூபாயாவது வரும் என்று நம்பினார்கள்.

2024 செப்டம்பர் 26-ல் டோக்கன் கொடுத்தார்கள். மொத்தம் 10,000 கோடி டோக்கன். அதில் முதல் சீசன் விளையாடியவர்களுக்கு 6,000 கோடி. கேட்கப் பெரிய எண்தான். ஆனால் தகுதி பெற்றவர்கள் 13.1 கோடி பேர். வகுத்துப் பாருங்கள்: ஆளுக்குச் சராசரியாக 458 டோக்கன். முதல் நாள் விலை ஒரு டோக்கனுக்குச் சுமார் ஒரு சென்ட். ஆக, சராசரியாக நாலரை டாலர், நம் காசில் 380 ரூபாய். அதிலும் ஒரு பகுதியைப் பல மாதம் கழித்துத்தான் தருவோம் என்று நிறுத்திவைத்தார்கள். சில வாரங்களிலேயே விலை பாதிக்கும் கீழே போனது. ஏமாற்றிச் சேர்த்தார்கள் என்று 23 லட்சம் கணக்குகளை நிறுவனமே நீக்கியது. தட்டிச் சேர்த்த காயின் எண்ணிக்கை அப்படியே டோக்கனாக மாறவும் இல்லை. என்னென்ன அளவுகோலில் பங்கு என்பதை நிறுவனம்தான் தீர்மானித்தது.

இங்கே யாரும் உங்கள் பணத்தைத் திருடவில்லை, சொன்னபடி டோக்கனும் கொடுத்தார்கள். இருந்தும் மாதக்கணக்கில் தட்டியதற்கு ஒரு வேளை குடும்பத்தோடு டிபன் சாப்பிடும் காசுதான் சராசரி. காரணம் எளிது. பங்கு போடும் பானை ஒன்று, கை நீட்டுபவர்கள் பல கோடி. நீங்கள் நண்பரைச் சேர்க்கச் சேர்க்க அந்தக் கைகள் கூடுகின்றன. அதனால் எந்த இலவச டோக்கன் அறிவிப்பிலும் மூன்று எண்களைத் தேடுங்கள்: மொத்த டோக்கன் எவ்வளவு, அதில் சேர்பவர்களுக்கு எவ்வளவு, எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள். மூன்றில் ஒன்றை மறைத்தாலும் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

கேட்கலாம், "நிஜமாகவே பெரிய தொகை கொடுத்தவர்கள் இல்லையா?" உண்டு. 2020 செப்டம்பரில் யூனிஸ்வாப் என்ற கிரிப்டோ மாற்றுத்தளம், அதற்கு முன்பே தன்னைப் பயன்படுத்தியவர்களுக்கு ஆளுக்கு 400 டோக்கன் கொடுத்தது. அன்றைய மதிப்பு ஆயிரம் டாலருக்கு மேல். ஆனால் முன்கூட்டி யாரிடமும் "சேருங்கள், தருகிறோம்" என்று சொல்லவில்லை, டெபாசிட் கேட்கவில்லை, நான்கு பேரைக் கூட்டி வரச் சொல்லவில்லை. ஏற்கெனவே அந்தத் தளத்தை உபயோகித்தவர்களுக்குக் கிடைத்தது. அதைப் பார்த்து ஆசைப்பட்டவர்களைக் குறிவைத்துத்தான் பின்னால் ஆயிரம் போலிகள் வந்தன.

4. இந்த ஐந்து அறிகுறிகளை முதலில் பாருங்கள்

இதுவரை சொன்னது நேர்மையாக நடந்தாலும் காசு வராத கதை. இனிமேல் சொல்வது உள்ளே இருப்பதையும் பிடுங்கும் கதை.

தினமும் இவ்வளவு நிச்சயம் என்கிறார்களா? எச்.பி.இசட். டோக்கன் என்ற ஆப் மோசடி நம் நாட்டில் அமலாக்கத் துறை வழக்கானது. 57,000 ரூபாய் போட்டால் மூன்று மாதத்துக்குத் தினமும் 4,000 ரூபாய் என்பது அவர்கள் சொன்ன வாக்கு. 90 நாளுக்கு 3,60,000 ரூபாய். போட்டதைப்போல ஆறு மடங்குக்கு மேல்! எந்தத் தொழில் மூன்று மாதத்தில் இதைத் தரும்? டோக்கனின் விலை சந்தையில் ஏறி இறங்கும். அப்படியிருக்க 'தினமும் நிச்சயம்' என்று ஒருவர் சொல்கிறார் என்றாலே, அவர் அடுத்தவர் போடும் பணத்தை எடுத்துத் தருகிறார், அல்லது தரவே போவதில்லை.

வாங்கத்தான் முடிகிறதா, விற்கவும் முடிகிறதா? 2021 அக்டோபர் கடைசியில் ஸ்குவிட் என்ற டோக்கன் வந்தது. 'ஸ்குவிட் கேம்' என்ற கொரியத் தொடரின் பெயரைப் பயன்படுத்தினார்கள், தொடரை எடுத்தவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விளையாடிச் சம்பாதிக்கும் கேம் வரப்போகிறது, அதில் சேர இந்த டோக்கன் வேண்டும் என்றார்கள். ஒரு சென்ட் அளவில் இருந்த விலை ஒரே வாரத்தில் 2,861 டாலர் வரை போனது. ஏன் ஏறிக்கொண்டே போனது தெரியுமா? வாங்கியவர்களால் விற்க முடியவில்லை! விற்பவர் இல்லாத சந்தையில் விலை ஏறத்தானே செய்யும்? நவம்பர் 1 அன்று, உருவாக்கியவர்கள் சுமார் 33 லட்சம் டாலரை எடுத்துக்கொண்டு மறைந்தார்கள். விலை சில நிமிடங்களில் பூஜ்ஜியத்துக்கு வந்தது. இணையதளத்தில் எழுத்துப் பிழைகள், டெலிகிராமில் யாரும் கேள்வி கேட்க முடியாதபடி பூட்டு என்று அறிகுறிகள் முதல் நாளிலிருந்தே இருந்தன.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பிளாக்செயினில் நடக்கும் எல்லா வரவு செலவும் பொதுவில் தெரியும். எத்திரியம் டோக்கன் என்றால் etherscan.io தளத்திலும், பி.என்.பி. செயின் டோக்கன் என்றால் bscscan.com தளத்திலும் அந்த டோக்கனின் முகவரியைப் போட்டால் யார் வாங்கினார்கள், யார் விற்றார்கள் என்ற பட்டியல் வரும். நூறு பேர் வாங்கியிருந்து, விற்றவர் ஒருவரோ இருவரோ என்றால் அங்கே நிற்காதீர்கள். சிறு தொகை எடுத்துப் பார்ப்பதும் நல்லதுதான். ஆனால் அது மட்டும் போதாது. முதல் 300, 500 ரூபாயை மோசடிக்காரர்களே உடனே அனுப்பிவிடுவார்கள். அந்த நம்பிக்கையில் நீங்கள் 50,000 போடுவீர்கள் என்பது அவர்கள் கணக்கு.

எடுப்பதற்குக் காசு கட்டச் சொல்கிறார்களா? திரையில் உங்கள் பெயரில் 1,80,000 ரூபாய் என்று காட்டும். எடுக்கப் போனால் "வரி 12,000 கட்டினால் ரிலீஸ் ஆகும்" என்று வரும். கட்டினால் "வெரிஃபிகேஷன் கட்டணம்" என்பார்கள், அதையும் கட்டினால் "அக்கவுண்ட் ஃபிரீஸ் ஆகிவிட்டது, திறக்க 20,000" என்பார்கள். நம் நாட்டில் எந்த ஆப்புக்கும் நீங்கள் முன்கூட்டி வருமான வரி கட்ட வேண்டியதில்லை. வரி அரசுக்குக் கட்டுவது. உங்களுக்கு வரவேண்டிய பணத்தில் கழித்துக்கொள்ளாமல், புதிதாகக் கட்டச் சொன்னாலே அது மோசடி. அந்த 1,80,000 என்பது திரையில் எழுதிய எண், பணமாக எங்கேயும் இல்லை.

ஒன்று அனுப்பினால் இரண்டாகத் தருகிறார்களா? 2020 ஜூலை 15 அன்று ட்விட்டரில் ஒபாமா, பைடன், பில் கேட்ஸ், எலான் மஸ்க் ஆகியோரின் உண்மையான கணக்குகளையே கைப்பற்றி, "பிட்காயின் அனுப்புங்கள், இரட்டிப்பாகத் திருப்பித் தருகிறேன்" என்று போட்டார்கள். சில மணி நேரத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் போய்விட்டது. நீல டிக் இருந்தது, நிஜக் கணக்கு, ஆனாலும் மோசடி. அதனால் சொல்பவர் யார் என்று பார்ப்பதைவிட, என்ன கேட்கிறார் என்று பாருங்கள். பரிசு கொடுப்பவர் முதலில் உங்களிடம் அனுப்பச் சொல்ல மாட்டார்.

வாலட்டைத் திறக்கச் சொல்கிறார்களா? இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பெரிய தொகை போவது இந்த வழியில்தான். வாலட்டுக்கு 12 அல்லது 24 சொற்கள் கொண்ட ஒரு ரகசிய வரிசை இருக்கும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முதலாளி. 'டோக்கன் பெற உங்கள் 12 சொற்களைப் போடுங்கள்' என்று எந்தத் தளம் கேட்டாலும், கஸ்டமர் கேர் என்று யார் கேட்டாலும், உடனே மூடுங்கள். டோக்கன் அனுப்ப உங்கள் வாலட் முகவரி மட்டும் போதும்.

சொற்களைக் கேட்காமலும் பறிக்கலாம். 'டோக்கனை வாங்கிக்கொள்ள' என்ற பட்டனை அழுத்தியதும் வாலட்டில் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அவசரத்தில் எல்லாரும் கீழே இருக்கும் Confirm-ஐ அழுத்திவிடுகிறார்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். `Approve` என்றோ `setApprovalForAll` என்றோ இருந்தால், உங்களுக்கு எதுவும் வரப்போவதில்லை, உங்கள் வாலட்டில் இருக்கும் அந்த வகை டோக்கனை எடுத்துக்கொள்ள நீங்கள் அனுமதி கொடுக்கிறீர்கள். தொகை இருக்கும் இடத்தில் Unlimited என்று இருந்தால் அந்த டோக்கனை எப்போது வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். இன்று வாலட் காலியாக இருந்தாலும், அடுத்த மாதம் நீங்கள் அதே டோக்கனைப் போட்டதும் போய்விடலாம். கேட்காமலேயே உங்கள் வாலட்டில் புது டோக்கன் ஒன்று வந்து உட்கார்ந்து, அதன் பெயரிலேயே ஓர் இணையதள முகவரி இருந்தால், அது தூண்டில். தொடாதீர்கள், அந்தத் தளத்துக்கும் போகாதீர்கள்.

5. கையில் வரும்போதுகூடக் கவனம் வேண்டும்

டோக்கன் நிஜமாகவே விற்றது என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் கிரிப்டோ விற்று வரும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது. ஒரு டோக்கனில் நட்டம் வந்தால் அதை இன்னொரு டோக்கன் லாபத்தில்கூட ஈடுகட்ட முடியாது. குறிப்பிட்ட வரம்புக்கு மேல் விற்றால் ஒரு சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள். விளையாடிக் கிடைத்த டோக்கனை எந்த மதிப்பில் வருமானமாகக் காட்டுவது என்பதை ஆடிட்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. எக்ஸ்சேஞ்ச் வேண்டாம் என்று டெலிகிராமில் அறிமுகமான ஒருவருக்கு நேரடியாக விற்று, அவர் ஜி-பேயில் அனுப்பும் பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் பணம் வேறு எங்கேயோ ஒருவரை ஏமாற்றி எடுத்ததாக இருந்தால், சைபர் போலீஸ் அதன் தடம் பிடித்து வரும்போது உங்கள் பேங்க் அக்கவுண்ட் முடக்கப்படும். சம்பளம், ஸ்காலர்ஷிப், வீட்டுச் செலவு எல்லாம் அதற்குள் மாட்டிக்கொள்ளும். 2,000 ரூபாய் டோக்கனுக்காக வெளியூர் போலீசுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டி வரலாம். விற்பதென்றால் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த இந்திய எக்ஸ்சேஞ்ச் வழியாக மட்டும் விற்றுப் பழகுங்கள்.

6. ஏற்கெனவே சேர்ந்திருந்தால் இன்றே செய்ய வேண்டியவை

பணம் போட்டிருந்தால், 'விட்டதைப் பிடிக்க' இன்னும் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். எடுக்க முடிகிற தொகையை இன்றே பேங்குக்கு எடுங்கள். எடுக்க முடியவில்லை என்றால், கட்டணம் கட்டி எடுக்கப் பார்க்க வேண்டாம்.

சந்தேகமான தளத்தில் வாலட்டை இணைத்திருந்தால், revoke.cash தளத்தை நீங்களே பிரவுசரில் டைப் செய்து திறந்து, கொடுத்த அனுமதிகளை ஒவ்வொன்றாக ரத்து செய்யுங்கள். இதற்கு நெட்வொர்க் கட்டணம் கொஞ்சம் ஆகும். 12 சொற்களையே கொடுத்துவிட்டிருந்தால் ரத்து செய்வது பயன்படாது. புது வாலட் ஒன்று உருவாக்கி, மிச்சமிருப்பதை உடனே அதற்கு மாற்றிவிட்டு, பழையதைக் கைவிட வேண்டும்.

பேங்க் அல்லது யு.பி.ஐ. வழியாகப் பணம் போயிருந்தால் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள், cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுங்கள். பணம் அடுத்த அக்கவுண்டிலிருந்து நகர்வதற்குள் தடுத்து நிறுத்த இதுதான் வழி, அதனால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பணம் அனுப்பிய எண், நேரம், ஸ்கிரீன்ஷாட், பேசிய மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். "போன கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று அடுத்த வாரம் ஒருவர் வருவார். அவரும் மோசடிக்காரர்தான்.

நண்பர்களையும் சொந்தக்காரர்களையும் நீங்கள் சேர்த்துவிட்டிருந்தால், அவர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் பேச்சை நம்பி அத்தையும் மாமாவும் இன்னும் பணம் போட்டுக்கொண்டிருந்தால் அது அதைவிடப் பெரிய வருத்தம்.

விளையாட்டு பிடித்திருந்தால் விளையாடுங்கள், அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. சம்பாதிக்கத்தான் என்றால், காசு யார் பையிலிருந்து வருகிறது என்று ஒரே வரியில் உங்களால் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத இடத்தில் உங்கள் பணத்தையும் போடாதீர்கள், மற்றவர்களையும் சேர்க்காதீர்கள்.